நோட்ஸ் எடுப்பதை எப்போது நிறுத்துவது? பாதியில் நிற்கிறேன், வழி சொல்லுங்கள்

தேன்மொழி, பாலக்கோடு

வணக்கம். குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் அப்பாவோடு தக்காளி மண்டிக்குப் போய்க் கணக்கு எழுதிவிட்டு, பத்து மணிக்கு மேல் வீட்டில் புத்தகத்தோடு உட்காருவேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் முழுவதையும் சுருக்கி எழுதி முடித்துவிட்டேன். 200 பக்க நோட்டு நான்கு ஆனது. இப்போது அந்த நான்கையும் ஒரே நோட்டாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டில் மூன்று பேர் சேர்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதினோம். பொது அறிவில் 75க்கு 31தான் வந்தது. மதிப்பெண்ணைவிட வேறொன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. தவறிய கேள்விகளில் பாதிக்கு மேல் என் நோட்டில் இருக்கின்றன. எந்தப் பக்கம், எந்த மை என்பதுவரை கண்ணுக்குள் தெரிகிறது, விடை மட்டும் வரவில்லை. சுப்பிரமணிய சிவா இறந்த ஆண்டைக்கூடத் தப்பாகப் போட்டேன். எங்கள் மாமா வீடு பாப்பாரப்பட்டி. அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.

இந்த இரண்டாவது சுருக்கத்தை முடித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்க்க ஆரம்பிக்கலாமா, இல்லை இப்போதே இதை நிறுத்திவிட வேண்டுமா? பாதியில் விட்டால் மீதிப் பாடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. தேர்வுக்கு 11 வாரம் இருக்கிறது.

சிப்காட் தம்பி, ஓசூர்

அக்கா, நோட்டை இன்றைக்கே மூடி வையுங்கள். நான் ஒரு பக்கம்கூட நோட்ஸ் எடுக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் எழுத உடம்பில் தெம்பு இருக்காது. பழைய வினாத்தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வி, விடை, கேள்வி, விடை என்று ஓட்டுகிறேன். ஒரே தாளை மூன்று முறை போட்டால் மூன்றாவது முறை 75க்கு 60க்கு மேல் வருகிறது. தேர்வில் கேட்பது கேள்விதானே, அப்புறம் பாடம் எதற்கு?

கே.ஆர்.பி. அணைக்காரன், காவேரிப்பட்டணம்

டெஸ்ட் பேட்ச்சில் இப்போதே சேர்ந்துவிடுங்கள் மேடம். கிருஷ்ணகிரியில் இரண்டு இடத்தில் நடக்கிறது, தர்மபுரியிலும் இருக்கிறது. வாரம் ஒரு தேர்வு வைக்கிற இடமா, இரண்டு வைக்கிற இடமா என்று கேட்டுச் சேருங்கள். கடைசி மாதம் போனால் இடம் கிடைக்காது. கட்டண விவரம் வேண்டுமென்றால் கேட்டுச் சொல்கிறேன்.

தேன்மொழி, பாலக்கோடு

நன்றி சார். நான் கேட்டது எங்கே சேர்வது என்று இல்லை. வீட்டில் ஒரு பாடத்தை எடுத்தால் எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வரலாறு வாத்தியார், அரூர்

அம்மா தேன்மொழி, நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவன். ஓய்வுபெற்று ஐந்து வருடம் ஆகிறது. இப்போது சாயங்காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணைக்கு வந்து படிக்கிறார்கள். உன் நிலைமையில் வருடத்துக்கு நான்கு பேரையாவது பார்க்கிறேன்.

எந்தப் பக்கம், எந்த மை என்று தெரிந்தும் விடை வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. சுருக்கி எழுதும்போது புத்தகம் திறந்தே கிடக்கிறது. கண் பார்க்கிறது, கை எழுதுகிறது. அந்த வரியைத் தலைக்குள்ளிருந்து நீ ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை. தேர்வுக் கூடத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலையை இத்தனை நாளில் நீ பழகவே இல்லை. பக்கம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் என் பேச்சை நம்பி நோட்டை மூட வேண்டாம். நீயே ஒரு தடவை செய்து பார். பத்தாம் வகுப்புக் குடிமையியலில் 'இந்திய அரசியலமைப்பு' பாடத்தை எடு. நீ இரண்டு தடவை சுருக்கிய பாடமாக இருக்கும். இன்றைக்கு அதைப் படிக்காதே. ஒரு வெள்ளைத்தாள், 20 நிமிடம். ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் எழுது, வரிசை வேண்டாம். எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்து. என்ன வந்தது, என்ன வரவில்லை, எது தப்பாக வந்தது என்பதை அப்படியே இங்கே போடு. மதிப்பெண் சொல்ல வேண்டாம், தப்புகளைச் சொல்.

ஊத்தங்கரை அண்ணன்

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நோட்ஸ் எழுதியே குரூப் 2 முதல்நிலையில் தேறியவன். மூன்று தடவை சுருக்கினேன். மூன்றாவது தடவை எழுதும்போது என் மனதில் பாடம் முழுவதும் ஒரு வரைபடம் மாதிரி நின்றது. இப்போது முதன்மைத் தேர்வுக்கும் அப்படித்தான் செய்கிறேன். எழுதாமல் மனதில் நிற்காது. முழுவதையும் சுருக்கி முடித்துவிட்டு, கடைசி ஒரு மாதம் டெஸ்ட் போட்டால் போதும். அடித்தளம் இல்லாமல் தேர்வு எழுதினால் தப்பு தப்பாகத்தான் வரும், நம்பிக்கையும் போய்விடும்.

தேன்மொழி, பாலக்கோடு

ஐயா, நேற்றிரவு செய்தேன். முதல் ஐந்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் மெதுவாக வந்தது.

சரியாக வந்தவை: அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டம் 1946 டிசம்பர் 9. வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 26இல் ஏற்றுக்கொண்டது, 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. சமத்துவ உரிமை 14இலிருந்து 18 வரை. அடிப்படைக் கடமைகள் 51ஏ. சட்டக்கூறு 32. நீதிப்பேராணை ஐந்து என்ற எண்ணிக்கை.

சுத்தமாக வராதவை: 23, 24 எதைப் பற்றியது என்பது. முதலில் எத்தனை பகுதி, எத்தனை அட்டவணை என்பது. 11ஆவது கடமை எந்தத் திருத்தத்தில் வந்தது என்பது. நீதிப்பேராணைகளில் இரண்டின் பெயர்.

தப்பாக வந்தவைதான் எனக்கு அதிர்ச்சி. சொத்துரிமையை நீக்கியது 42ஆவது திருத்தம் என்று கொஞ்சமும் சந்தேகமில்லாமல் எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் 44. அப்புறம், தடையுறுத்தும் நீதிப்பேராணைக்கும் ஆவணக் கேட்பு நீதிப்பேராணைக்கும் ஒரே விளக்கத்தை எழுதியிருக்கிறேன்: 'கீழ் நீதிமன்றம் அதிகார எல்லையை மீறாமல் தடுப்பது'. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் சரியாகத்தான் இருக்கின்றன. அந்த இரண்டு வரிகளை நான் குறைந்தது ஐந்து தடவை படித்திருப்பேன்.

எண்ணிப் பார்த்தேன். நோட்டில் அந்தப் பாடத்துக்கு 38 குறிப்பு. தாளில் சரியாக வந்தது 14.

வரலாறு வாத்தியார், அரூர்

இது நல்ல தாள் அம்மா. மனசு விட்டுப் போகாதே, இந்தத் தாளில் நிறைய சேதி இருக்கிறது. நீ பிரித்து எழுதியது ரொம்பச் சரி. வராதது ஒரு வகை, தப்பாக வந்ததில் இரண்டு வகை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதைத் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் வராதவை. 23, 24 என்ன என்று இப்போது புத்தகத்தைப் பார்த்ததும் 'அட, சுரண்டலுக்கு எதிரான உரிமை, கொத்தடிமை, குழந்தைத் தொழிலாளர்' என்று உடனே பிடிபட்டிருக்கும். பார்த்ததும் பிடிபட்டால் பாடம் உள்ளே இருக்கிறது, எடுக்கிற வழிதான் இன்னும் போடவில்லை என்று அர்த்தம். அதைத் திரும்ப நோட்டில் எழுதினால் ஒரு பயனும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் தாளை மூடி வைத்து எடுக்க வேண்டும். அதுதான் மருந்து.

அடுத்து, 42க்கும் 44க்கும் நடந்த குழப்பம். இரண்டும் நெருங்கிய ஆண்டுகள், 1976, 1978. இரண்டும் பெரிய திருத்தங்கள். சுருக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருப்பாய், அதனால் அவை ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க இரண்டையும் ஒரே கேள்வியில் எதிரெதிரே நிறுத்த வேண்டும். 'முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு என்ற சொற்களைச் சேர்த்தது எது, சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்தது எது, எடுத்த பிறகு அது எந்தச் சட்டக்கூறில் உட்கார்ந்தது?' இந்த ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்ல முடிந்தால் (42, 44, 300ஏ) இனிமேல் அது ஒட்டாது.

மூன்றாவது அந்த நீதிப்பேராணைகள். இதை நான் ஞாபகக் குறை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வித்தியாசம் உனக்குப் புரியவே இல்லை. புரியாமல் எழுதிய வரியை ஐந்து தடவை படித்தாலும் அது வெறும் சத்தம்தான். இங்கே மட்டும் புத்தகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒரு கீழ் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லாத வழக்கை விசாரித்துக்கொண்டிருக்கிறது என்று வை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அப்போது 'நிறுத்து' என்று மேலிருந்து வருவது தடையுறுத்தும் நீதிப்பேராணை. தீர்ப்பே சொல்லிவிட்டது என்று வை. இனி நிறுத்தச் சொல்லி என்ன பயன்? 'அந்த வழக்குக் கட்டை இங்கே அனுப்பு' என்று ஆவணங்களை வரவழைத்து அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டும். அது ஆவணக் கேட்பு. ஒன்று தீர்ப்புக்கு முன், இன்னொன்று தீர்ப்புக்குப் பின். பெயரிலேயே விடை இருக்கிறது பார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், எங்கே நிறுத்துவது என்று. என் திண்ணையில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு பாடத்தை ஒரு தடவை ஊன்றிப் படி. ஒவ்வொரு உட்தலைப்பு முடியும்போதும், புத்தகம் திறந்திருக்கும்போதே, 'இதை என் தம்பிக்கு எப்படிச் சொல்வேன்?' என்று கேட்டுப் பார். சொல்ல வந்தால் அந்தத் தலைப்புக்குச் சுருக்கம் எழுதும் வேலை முடிந்தது, எழுதவே வேண்டாம். சொல்ல வராத இடத்துக்கு மட்டும் இரண்டு வரி எழுதிக்கொள். பாடம் முடிந்ததும் அன்றைக்கே வெள்ளைத்தாள். மூன்றில் ஒரு பங்கு வந்தாலும் போதும், நீ திரும்பிப் போகக் கூடாது, திருத்திவிட்டு இரண்டு நாள் விட வேண்டும். பத்துக்கு ஒன்றுகூட வரவில்லை என்றால் நீ படித்தது படிப்பே இல்லை, கண்ணை ஓட்டியிருக்கிறாய். அந்தப் பாடத்தை மட்டும் திரும்பப் படி.

உனக்கு 38இல் 14 வந்திருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பாடத்துக்கு நோட்ஸ் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டாவது சுருக்கத்தை நிறுத்து.

சிப்காட் தம்பி, ஓசூர்

ஐயா, அப்போ நான் செய்வது சரிதானே? நானும் நோட்ஸ் இல்லாமல் நேராகத் தேர்வுதான் எழுதுகிறேன்.

வரலாறு வாத்தியார், அரூர்

பாதி சரி தம்பி. புத்தகத்தை மூடி உன்னை நீயே கேட்டுக்கொள்கிறாய், அது இந்த இழையில் பலர் செய்யாதது. ஆனால் நான்கு விடைகள் கண்முன்னே இருக்கும்போது கேட்டுக்கொள்கிறாய். அது எடுக்கிற வேலை இல்லை, அடையாளம் காண்கிற வேலை. மூன்றாவது முறை 60 வந்தது என்றாயே, அதில் எத்தனை பாடத்துக்கு, எத்தனை அந்தத் தாளுக்கு? சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நீ சரியாகப் போட்ட 10 கேள்விகளை எடு. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கேள்வியை மட்டும் படித்து விடையை எழுது. அப்புறம் அதே கேள்வியைத் திருப்பிப் போடு. '44ஆவது திருத்தம் எதை நீக்கியது' என்றிருந்தால், 'சொத்துரிமை இப்போது எந்தச் சட்டக்கூறில் இருக்கிறது' என்று கேள்.

சிப்காட் தம்பி, ஓசூர்

கம்பெனி பஸ்ஸில் வரும்போது செய்து பார்த்தேன் ஐயா. விடைகளை மறைத்தால் 10க்கு 6. திருப்பிக் கேட்டால் 3. 300ஏ என்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை, ஏனென்றால் நான் போட்ட தாள்களில் அது வரவில்லை. பாடத்தை ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. சமச்சீர் புத்தகம் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

கவியின் அம்மா, பென்னாகரம்

எனக்கும் ஒரு சந்தேகம், கேட்கலாமா? என் மகன் பத்தாவது. பொதுத்தேர்வு வருகிறது. அவன் அறிவியல் பாடத்தை மூன்று கலர் பேனாவில் அழகாக எழுதி வைக்கிறான். டீச்சரே கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். 'எங்கே, சொல்லு பார்க்கலாம்' என்று நான் நோட்டை வாங்கினால் கோபம் வருகிறது. 'இன்னும் முடிக்கலம்மா, முடிச்சிட்டுச் சொல்றேன்' என்கிறான். நான் எட்டாவது வரைதான் படித்தேன், அவன் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அவனைத் திட்டுவதா, விடுவதா?

தேன்மொழி, பாலக்கோடு

அக்கா, நானும் ஒரு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், 'முடிச்சிட்டு' என்று. முடிப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். எழுதிக்கொண்டே இருந்தால் தெரியாதது வெளியே தெரியாது, அந்த நிம்மதிக்காகத்தான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. தம்பியைத் திட்டாதீர்கள்.

வரலாறு வாத்தியார், அரூர்

அம்மா, நீங்கள் எட்டாவது படித்திருப்பது இதற்குத் தடையே இல்லை. சரியா தப்பா என்று நீங்கள் பார்க்க வேண்டாம், நோட்டே பார்த்துக்கொள்ளும். நோட்டை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை மட்டும் படித்துக் காட்டுங்கள். அவன் ஒரு காகிதத்தில் எழுதட்டும், நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். முடித்ததும் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள், அவனே திருத்தட்டும். தப்பு எத்தனை என்று கேட்காமல் இருந்தால் கோபம் வராது. பிள்ளைகளுக்குக் கோபம் வருவது கேள்வியால் இல்லை, அம்மா முன்னால் தெரியாமல் நிற்பதால்.

ஒன்று மட்டும். வரையறைகளும் படங்களும் அப்படி வரும். கணக்கும் இயற்பியல் கணக்கீடும் அப்படி வராது. அங்கே தீர்த்த கணக்கைத் தாளால் மூடிவிட்டு, கேள்வியை மட்டும் வைத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். கணக்கைச் சுருக்கி எழுதுவது முழுக்க வீண்.

ஊத்தங்கரை அண்ணன்

ஐயா, நான் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. நான் சுருக்கி எழுதித்தான் தேறினேன். அது பொய்யா?

வரலாறு வாத்தியார், அரூர்

பொய் இல்லை தம்பி. மூன்றாவது தடவை எழுதும்போது நீ நோட்டைப் பார்த்து எழுதினாயா, அல்லது கொஞ்சம் எழுதிவிட்டு அப்புறம் பார்த்தாயா? இதை நேர்மையாக யோசித்துச் சொல்.

ஊத்தங்கரை அண்ணன்

யோசித்தேன். மூன்றாவது தடவை பெரும்பாலும் பார்க்காமல்தான் எழுதினேன். சந்தேகம் வந்தால் மட்டும் இரண்டாவது நோட்டைத் திருப்புவேன். நேரம் குறைவாக இருந்ததால் அப்படிச் செய்தேன்.

வரலாறு வாத்தியார், அரூர்

அப்படியென்றால் நீ சுருக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு செய்தது இதைத்தான். பார்த்து எழுதிய முதல் இரண்டு தடவையைவிட, பார்க்காமல் எழுதிய மூன்றாவது தடவைதான் உனக்குக் கைகொடுத்தது என்பது என் கணிப்பு. நிரூபிக்க முடியாது, உனக்கே தெரியும்.

ஆனால் நீ சொன்ன ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். தப்பு தப்பாக வந்தால் நம்பிக்கை போய்விடும் என்றாய். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சின்னக் கட்டுரை ஒன்று. ஒரு முறையில் அதை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு முறையில் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். எழுதியதைத் திருத்திக்கூடக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழானது. படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

அந்த முதல் ஐந்து நிமிடம்தான் நம்மையெல்லாம் ஏமாற்றுகிறது. நோட்டை இரவு படித்துவிட்டு உடனே யோசித்தால் எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும். தேர்வு அடுத்த ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. நாளைக்கே தேர்வு என்றால் நானும் 'திரும்பப் படி' என்றுதான் சொல்வேன். 11 வாரம் இருக்கிறவளுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

ஊத்தங்கரை அண்ணன்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடைசி வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு கையில் இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். தேர்வுக்கு முந்தின நாள் நான்கு நோட்டைப் புரட்ட முடியாது.

வரலாறு வாத்தியார், அரூர்

அதை நானும் மறுக்கவில்லை. அந்தச் சின்ன நோட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபடுகிறேன். பாடத்தின் சுருக்கம் அதில் வேண்டாம், வெள்ளைத்தாளில் இரண்டு முறைக்கு மேல் தவறியவை மட்டும் இருந்தால் போதும். தேன்மொழிக்கு அந்தப் பாடத்தில் 38 வரி வராது, ஐந்தாறு வரிதான் வரும்.

தேன்மொழி, பாலக்கோடு

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். இரண்டாவது சுருக்கத்தை அன்றைக்கே நிறுத்தினேன். எழுதாமல் விட்ட பக்கங்களைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பழைய நான்கு நோட்டுகளை வீணாக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுகிறேன், வலப்பக்கம் இருக்கும் குறிப்பை மண்டிக் கணக்கு அட்டையால் மூடிக்கொள்கிறேன். நோட்டு இப்போது விடைத்தாளாக இருக்கிறது. 40 நிமிடம் பாடம், 15 நிமிடம் வெள்ளைத்தாள், 10 நிமிடம் திருத்தம். ஒரு நாளைக்கு இரண்டு பாடம் வருகிறது. முன்பு ஒரு பாடத்தைச் சுருக்கவே மூன்று மணி நேரம் ஆகும்.

அந்த அரசியலமைப்புப் பாடத்தை மூன்றாம் நாள் எழுதினேன், 38இல் 23. நேற்று, அதாவது ஒன்பதாம் நாள், 27. ஆவணக் கேட்பு சரியாக வந்தது. ஆனால் ஒன்று மோசமாகிவிட்டது. மூன்றாம் நாள் சரியாக வந்த '22 பகுதி, 8 அட்டவணை' நேற்று '8 பகுதி, 22 அட்டவணை' என்று வந்துவிட்டது. 395 சட்டக்கூறு என்பது மட்டும் சரி.

இன்னொரு சந்தேகம். மூன்றாம் நாள் தாளைத் திருத்தும்போது அவசரத்தில் பாதியை மனதிலேயே 'இது சரி' என்று டிக் போட்டுவிட்டேன். நேற்று பார்த்தால் அதில் ஒன்று தப்பு. அந்தத் தப்பையே நேற்றும் எழுதியிருக்கிறேன். திருத்தாமல் விட்டால் தப்பும் கூடவே பழகிவிடுமா?

வரலாறு வாத்தியார், அரூர்

பழகும் அம்மா. வரி வரியாகப் புத்தகத்தில் விரல் வைத்துத் திருத்து. அதைச் செய்ய நேரமில்லை என்றால் அன்றைக்குக் கேள்விகளைக் குறை, திருத்தத்தைக் குறைக்காதே. இன்னொன்றும் கவனி. விடை வரவில்லை என்றதும் உடனே அட்டையை விலக்குகிறாய் என்று நினைக்கிறேன். அரை நிமிடமாவது தேடு. தேடிக் கிடைக்காமல் பார்த்த விடை நிற்கும், தேடாமல் பார்த்தது நோட்ஸ் மாதிரிதான்.

பகுதியும் அட்டவணையும் மாறியது பயப்பட வேண்டியது இல்லை. எண்ணுக்கு ஒரு பொருள் கொடு. அட்டவணை என்பது புத்தகத்தின் பின்னால் இருக்கும் பட்டியல், அது குறைவாகத்தான் இருக்கும். பகுதி என்பது புத்தகத்தின் அத்தியாயம், அது கூடுதலாகத்தான் இருக்கும். அடுத்த தாள் ஒரு வாரம் கழித்து, அதற்கடுத்தது மூன்று வாரம் கழித்து.

சிப்காட் தம்பி, ஓசூர்

ஐயா, எனக்கு எழுத நேரமில்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு மனதிலேயே சொல்லிப் பார்க்கிறேன். அது கணக்கில் வருமா?

வரலாறு வாத்தியார், அரூர்

மனதுக்குள் சொன்னால் 'தெரியும், தெரியும்' என்று பாதியிலேயே தாண்டிப் போய்விடுவாய். கை எழுதினால் தாண்ட முடியாது. எழுதுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

கவியின் அம்மா, பென்னாகரம்

எங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கிறது ஐயா. கவி எழுத உட்கார்ந்தால் அழகாக எழுதத்தான் பார்க்கிறான், மூன்று கலரும் வெளியே வந்துவிடுகிறது. நேற்று களி கிளறும்போது அடுப்பங்கரையில் நின்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். நோட்டு தண்ணீர்க் குடத்தின் மேல் இருந்தது. செரிமான மண்டலத்தை முழுக்கச் சொன்னான். இரண்டு இடத்தில் நின்றான், அவனே போய் நோட்டைப் பார்த்துவிட்டு வந்தான். என் பிள்ளைக்குச் சத்தமாகச் சொல்வதுதான் ஒத்துவருகிறது.

வரலாறு வாத்தியார், அரூர்

சத்தமாக, இன்னொருவர் கேட்க, என்றால் அது வேறு. தாண்ட முடியாதே. நான் பஸ்ஸில் கண்ணை மூடிச் சொல்வதைத்தான் சொன்னேன். தம்பி, உன் பக்கத்து சீட்டில் யாராவது குரூப் 4 படிக்கிறார்களா?

சிப்காட் தம்பி, ஓசூர்

சூளகிரியில் ஏறும் ஒருத்தர் படிக்கிறார் ஐயா. நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

தேன்மொழி, பாலக்கோடு

நான் எழுதியே பார்க்கிறேன். நாளைக்கு விடுதலைப் போராட்டத்தில் தமிழ்நாட்டின் பங்கு. சுப்பிரமணிய சிவாவின் ஆண்டை, 1925 ஜூலை 23, இப்போது பார்க்காமல் எழுதினேன். அடுத்த வாரமும் வருகிறதா என்று மாமா வீட்டுக்குப் போகும்போது பார்க்கிறேன்.